சித்தி போட்ட படம்

'புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?' என்று தட்டிவிட்டு, உடனே அழித்தாள்.

பரவும் படங்களைச் சரிபார்க்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திட்டினால் யாரும் திருந்தமாட்டார்கள். முதலில் அவர்களுடைய அக்கறையை மதி. பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லாதே.

'அன்புள்ள சித்தி, பிள்ளைகள் மேல் உள்ள பதைப்பில்தான் அதை அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும்.'

பதைப்பாம். பல்லைக் கடித்துக்கொண்டே எழுதினாள்.

எக்ஸ்ரே அறையில் அவளுடைய மதிய இடைவேளை முடிய இருபது நிமிடம்தான் இருந்தது.

நேற்றுக் காலை சித்தி தன் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் அது. ஆஸ்பத்திரி நடைவழியில், வெறுந்தரையில், பதினோரு குழந்தைகள் வரிசையாகக் கிடந்தார்கள். கீழே சிவப்பு எழுத்தில், முனைக்கடை பேக்கரி கேக்கைத் தின்ற பிள்ளைகள் என்று எவனோ எழுதியிருந்தான்.

சித்தி ஓய்வுபெற்ற நர்ஸ். நர்ஸம்மா சொன்னால் அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது. சாயங்காலமே நாலு பேர் போய் பேக்கரிக்காரரின் கையை உடைத்துவிட்டார்கள்.

இன்று காலை அவர் மனைவி அந்தப் படத்தை அனுப்பிவிட்டுப் போனில் அழுதாள். "அஞ்சு மணிக்குக் கடையைக் கொளுத்த வராங்களாம். போலீஸ்ல பாக்கறோம்கறாங்க. உங்க சித்தி ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்கம்மா."

வாயால் சொன்னால் சித்தியோடு நின்றுவிடும். எழுதிக் கொடுத்தால்தான் அவள் அதைத் தெருக் குழுவில் போட முடியும்.

படத்தைத் தேடுபொறியில் போட்டபோது முதலில் ஒன்றும் சிக்கவில்லை. சிவப்பு எழுத்தை வெட்டிவிட்டுப் போட்டாள். அப்போதும் இல்லை. பிறகுதான் கண்ணில் பட்டது. நாள் முழுக்க இடது எது, வலது எது என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் அவள். படத்தில் நின்ற டாக்டருக்கும் வலது கையில் கடிகாரம், பக்கத்து நர்ஸுக்கும் வலது கையில் கடிகாரம். கதவுப் பலகையின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரண்டிருந்தன.

தேடினால் கிடைக்கக் கூடாதென்று எந்தப் பாவியோ படத்தை இடவலமாக மாற்றியிருக்கிறான். அதை நேராக்கிப் போட்டதும் வந்து கொட்டியது.

'சித்தி, இந்தப் படம் ஒன்பது வருடத்துக்கு முன்பே வேறொரு நாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டது. அங்கே ஒரு தொழிற்சாலையில் விஷவாயு கசிந்தபோது எடுத்தது. அதே புகைப்படக்காரர் அன்று எடுத்த மற்ற இரண்டு படங்களிலும் இதே பச்சைத் தூணும் உடைந்த தரைக்கல்லும் இருக்கின்றன. அன்றே அச்சான படம் இந்த வாரம் எடுத்ததாக இருக்க முடியாது, இல்லையா? நம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலும் கேட்டேன். இந்த வாரம் கேக் சாப்பிட்டு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை.'

இந்த 'இல்லையா' எழுதுவதற்குள் அவளுக்கு உயிர் போய்விட்டது. நாற்பது வருடம் ஊசி போடுமுன் நோயாளியின் பெயரை இரண்டு முறை கேட்ட பெண்மணி, ஒரு படத்தைப் போடுமுன் ஒருவரிடம் கேட்கக் கூடாதா? வீட்டிலேயே இதற்கென்று ஒருத்தி இருக்கிறாளே!

பழைய பத்திரிகைப் பக்கத்தின் இணைப்பைச் சேர்த்தாள். வெறும் படத்தை மறுபடி ஊர்சுற்ற விடக் கூடாது என்பதால், அதன் குறுக்கே 'பழைய படம், வேறு சம்பவம்' என்று கொட்டை எழுத்தில் போட்டாள். வழக்கப்படி தன்னார்வக் குழுவில் இன்னொருவர் எல்லாவற்றையும் சரிபார்த்தார். குழுவின் எண்ணிலிருந்து கடிதம் போனது.

பத்தே நிமிடத்தில் பேக்கரிக்காரர் மனைவி செய்தி அனுப்பினாள். சித்தி தெருக் குழுவில் போட்டுவிட்டாளாம். 'நான் தப்பு பண்ணிட்டேன். இது பழைய படம். கடைப்பக்கம் யாராவது போனா முதல்ல என்னை அடிச்சிட்டுப் போங்க.' ஒவ்வொருவராக, வரவில்லை என்று பதில் போடுகிறார்களாம்.

கடை பிழைத்தது. அவளுடைய கோபம் மட்டும் இறங்கவில்லை. ஒரு மனுஷனின் கை உடைந்த பிறகு வருகிற புத்தி எதற்கு உதவும்? அந்தக் கடிதம் குழுவின் பெயரில் போனது. பெற்ற மகள் மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று தன் போனை எடுத்தாள்.

சித்தியின் பெயர் பட்டியலில் இல்லை. தினமும் விடிந்ததும் பூப்படமும் காலை வணக்கமும் வருகிறதென்று, சத்தம் வராதபடி ஒதுக்கிவைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தேடித் திறந்தாள்.

ரோஜா. தாமரை. சூரியகாந்தி. அதற்கடுத்து, பதினோரு குழந்தைகள்.

திங்கட்கிழமை காலை. தெருக் குழுவில் போடுவதற்கு முந்தைய நாள்.

'இது நெசமா கண்ணு? எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. நீ பாத்துச் சொல்லு, அதுவரைக்கும் நான் யாருக்கும் அனுப்பல.'

அதன் கீழே, செவ்வாய்க்கிழமை காலை:

'உன்கிட்டேர்ந்து பதிலே இல்ல. பொய்யா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பே. சரி, போட்டுடறேன்.'