பாதி தேவதூதன்

அண்ணன் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். ஆம்பூரில் அண்ணி கிரேஸின் வீட்டு வாசலில் நின்று, ஏசடியான் ஒரு தோல் துண்டை நீட்டினான்.

“அப்பா ஷூ கம்பெனித் தோல்ல செஞ்ச தேவதூதன் பேட்டர்ன், தாள் மேல வச்சி வெட்டுறது, அண்ணி. பாகம் பிரிச்சப்ப சண்ட போட்டு நடுவுல ரெண்டா வெட்டிக்கினோமே, அதுல என் பாதி. வருஷா வருஷம் இதுக்காகத்தான் அண்ணன் என் வாசப்படி ஏறுவாரு. இந்த வருஷம் சர்ச் தோரணத்த நீங்கதான வெட்டணும்?”

கிரேஸ் அதை வாங்கவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து, வண்ணத்தாளை இரண்டாக மடித்தாள். கணவனின் பாதித் தோலை எடுத்து, அதன் நேர்விளிம்பை மடிப்பின் மேல் பொருத்தினாள். வளைவை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தாள். மடிப்பில் கத்தரி படாமல் கோட்டின் மேல் வெட்டி, தாளை விரித்தாள்.

இரண்டு சிறகோடும் முழுத் தேவதூதன்.

“பாதியே போதும், தம்பி. உங்க அண்ணன் இப்பிடித்தான் வெட்டுவாரு. உங்க பாதிய ஒரு வருஷம்கூட தாள் மேல வச்சதில்ல.”

ஏசடியான் தலை குனிந்தான்.

“தெரியும், அண்ணி. நானும் என் வீட்டுத் தோரணத்த என் பாதிய வச்சி அப்பிடித்தான் வெட்டுறேன். சொல்லிட்டா அண்ணன் வரமாட்டாரேன்னு சொல்லல.”