உப்பு பார்க்காத சமையல்

"வாயில வச்சுப் பாத்துடாதேடி! பித்ருக்களுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி எச்சில் படப்படாது!"

சமையலறை வாசலில் நின்றபடி அலமேலு அத்தை அதட்டினாள். குளித்து மடி உடுத்தாததால் உள்ளே வர முடியவில்லை. வாய்க்கு அந்தத் தடை இல்லை.

"சரி அத்தை" என்றாள் விசாலி, மடிசாரோடு உளுந்து வடையைத் திருப்பியபடி.

"நீ பாத்தா மட்டும் உப்பு தெரியப்போறதாக்கும்! போன் பண்ணும்போதெல்லாம் எங்கண்ணா, 'அலமு, மாட்டுப்பொண் தங்கம்தான், கையிலதான் உப்பு இல்லே'ன்னு அழுவான். பத்து வருஷம் சப்புன்னு சாப்ட்டே போய்ச் சேர்ந்தான்."

விசாலி வடையை எண்ணெயிலிருந்து எடுத்தாள். மாதாமாதம் செய்யும் மாசியங்கள் எல்லாம் மடத்தில் நடந்துவிட்டன. மாமனாருக்காக வீட்டில் சமைத்துச் செய்யும் முதல் திவசம் இதுதான். இன்று ஒரு நாளாவது அவர் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டும். ருசி பார்க்கவும் வழியில்லை, திவச இலையில் தனியாக உப்பு பரிமாறும் வழக்கமும் இல்லை. சுவாமியை வேண்டிக்கொண்டு மோர்க்குழம்பில் உப்பைப் போட்டாள்.

கூடத்தில் ஹோமப் புகை. கணவன் நடேசன், சாப்பிட வந்த பிராமணர்களின் காலை அலம்பி, எள்ளும் தர்ப்பையும் கொடுத்து உட்காரவைத்தான்.

"பித்ரு ஸ்தானத்துல இருக்கறவர்தான் இப்போ உங்கப்பா. மனசுல நெனச்சுண்டு பரிமாறச் சொல்லுங்கோ" என்றார் மந்திரம் சொல்லிவைத்த வாத்தியார்.

வாழைக்காய்க் கறி, பாகற்காய், பிரண்டைத் துவையல், வடை, அதிரசம், எள்ளுருண்டை. சாப்பிடுகிறவர்கள் பேசக் கூடாது. 'அப்பா' மட்டும் மோர்க்குழம்புப் பாத்திரத்தைக் காட்டிக் காட்டிக் கையை நீட்டினார்.

கடைசியில் நடேசன் கைகூப்பினான். "திருப்தியா?"

"திருப்தி!"

விசாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பூரிச்சுப் போகாதே. எப்படி இருந்தாலும் அவா அப்படித்தான் சொல்லணும்" என்றாள் அத்தை.

காக்கைக்கு வைத்த பிண்டமும் நொடியில் காலியானது.

"அதுக்கு என்ன பசியோ! நான் சாப்ட்டுச் சொல்றேன் பாரு."

தட்சிணை வாங்கிக்கொண்டு வாத்தியார் கிளம்பியதும் உறவினர்களுக்கு இலை போட்டார்கள். அத்தை முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மோர்க்குழம்பை மறுபடி கேட்டு வாங்கினாள். பிறகு இன்னொரு தரம்.

"ஏண்டி பாவி! இத்தனை கைமணத்தை வச்சுண்டா எங்கண்ணாவைப் பத்து வருஷம் அழ விட்டே?"

விசாலி இன்னொரு வடையை அத்தையின் இலையில் வைத்தாள்.

"டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார் அத்தை. சொன்னா வீம்புக்கு ஊறுகாய் ஜாடியைத் தூக்கிண்டு உக்காந்துடுவார். அதனால சமைக்கத் தெரியாதவளாவே இருந்துட்டேன். இனிமே மாமாவுக்கு பிரஷர் ஏறாதே!"