இருபத்தெட்டுக்கு இருபத்துநாலு

“எத்தினி மாசமா தூக்கம் இல்ல?”

டாக்டர் கேட்டது சுமித்ராவிடம். பதில் சொன்னது அவள் கணவனின் அண்ணன் ஹரிபாபு.

“நாலு மாசமா சார். பகல்ல அடுப்பண்ட நின்னுக்கினே தூங்கி விழறா. போன வாரம் கைய சுட்டுக்கினா. தம்பி குவைத்துல டிரைவரா இருக்கான். நான்தானே பாத்துக்கணும்?”

திருப்பதி கிளினிக்கின் ஏ.சி.யிலும் சுமித்ராவுக்கு வியர்த்தது. பக்கத்தில் பதினான்கு வயது மகள் ஹரிதா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஒரு தாளை எடுத்தார். அடியில் மாத்திரைக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது.

“ஏழு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஜீரோல இருந்து நாலு வரைக்கும் மார்க். படுத்தா தூக்கம் வர்றது கஷ்டமா இருக்கா? நடுவுல முழிப்பு வருதா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறீங்களா? பகல் வேலை கெடுதா?”

சுமித்ரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். டாக்டர் கூட்டினார்.

“இருபத்தெட்டுக்கு இருபத்துநாலு. இருபத்திரண்டு வந்தாலே தீவிரம். வாரத்துல மூணு ராத்திரி, அதுவும் மூணு மாசத்துக்கு மேலன்னா இது நோய்தாம்மா. இன்சோம்னியா.”

“எனக்கு நோய் இல்ல சார்.” சுமித்ரா கைகூப்பினாள். “மாத்திரை மட்டும் வாணாம்.”

“சுகர் வந்தா மாத்திரை போடறதில்லையா? அந்த மாதிரிதான். மூளையில ஒரு ரசாயனம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சி. பயமும் அதோட சேந்ததுதான்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் முப்பது டோக்கன். “வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?”

சுமித்ரா வாயைத் திறந்தாள்.

“பிரச்சனையா? ராணி மாதிரி வச்சிக்கினு இருக்கோம் சார்” என்று சிரித்தார் ஹரிபாபு.

டாக்டர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

“அப்படியே இந்தப் பொண்ணையும் பாருங்க சார். ஆறு மாசமா யார்கிட்டயும் பேச்சே இல்ல. ஸ்கூல்ல மேடையேறிப் பாடிக்கினு இருந்த புள்ள. இப்போ ஸ்கூலுக்கும் போவ மாட்டேங்குது.”

இன்னொரு தாள் வந்தது. இதில் பதினேழு கேள்விகள்.

“பெரியவங்களப் பாத்தா பயமாம்மா?”

ஹரிதா ஆமென்று தலையசைத்தாள்.

“ஆளுங்க முன்னாடி நெஞ்சு படபடங்குதா? வேர்க்குதா? பேச வேண்டி வந்தா ஒதுங்கிப் போயிடறியா?”

மூன்றுக்கும் தலையசைத்தாள்.

“அறுபத்தெட்டுக்கு அம்பத்திமூணு. ரொம்ப அதிகம். கூச்சம்னு விட்டுட்டீங்க. இதுக்குப் பேரு சோஷியல் ஆங்சைட்டி. நல்லவேளை, ஆறு மாசத்துலயே கூட்டினு வந்துட்டீங்க” என்று ஹரிபாபுவைப் பாராட்டினார் டாக்டர். “பொண்ணுக்குக் காலையில ஒண்ணு. அம்மாவுக்கு ராத்திரியில ஒண்ணு.”

“இவ குடுத்தா துப்பிடுவா சார்” என்று சுமித்ராவைக் காட்டினார் ஹரிபாபு.

“பக்கத்துலயே நின்னு முழுங்க வைங்க. இதப் போட்டா இடி இடிச்சாலும் முழிப்பு வராது.”

சுமித்ரா நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஹரிபாபு மருந்துக் கடைக்குள் போனதும் சுமித்ரா குவைத்துக்குப் போன் போட்டாள்.

“எனக்கு மாத்திரை வாணாம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுய்யா.”

“அண்ணன் கைக்காசு போட்டு உனக்கு வைத்தியம் பாக்குது. நீ இன்னும் அதும்மேல சந்தேகப்பட்டுக்கினு இருக்கியா?” பவன்குமார் எரிந்து விழுந்தான். “டாக்டரே நோய்னு சொல்லிட்டாரு இல்ல? உனக்கு மண்டையிலதான் கோளாறு. மூடிக்கினு முழுங்கு.”

போன் வைக்கப்பட்டது.

ஹரிபாபு ஒரு காகிதப் பையோடு வந்தார். முகத்தில் கனிவு.

“பயப்படாத சுமித்ரா. இனிமே ராத்திரி ராத்திரி நானே என் கையால குடுக்கறேன். நிம்மதியா தூங்கு. இருங்க, மோர் வாங்கினு வரேன். ரெண்டு பேரும் ஒண்ணும் துன்னல.”

அவர் சாலையைக் கடந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர் கூட்டத்தில் மறைந்த பிறகு, அன்று முதல் தடவையாக ஹரிதா பேசினாள்.

“அம்மா… நீ தூங்கிட்டா, ராத்திரியில பெரியப்பா வரும்போது என் ரூம் கதவண்ட யாரும்மா உக்காந்துக்கினு இருப்பாங்க?”

சுமித்ரா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு ஓடி, வந்த ஆட்டோவின் குறுக்கே நின்றாள். “போலீஸ் ஸ்டேஷன் போவணும்பா… சீக்கிரம்!”