குடைக்கு ஒரு முடிவு

“கட்டுரைக்குத் தலைப்பு ‘என் மனைவி ஒரு குடை’. ரெண்டாவது பத்தியில அவ விளக்காயிட்டா, மூணாவதுல வேராயிட்டா. எதுக்கு இத்தனை கூட்டம்?” என்று சிடுசிடுத்தாள், இருபது வருடங்களாக அவர் எழுத்தைத் திருத்துகிறவள்.

மரப் பெஞ்சில் பக்கத்தில் இருந்த எழுத்தாளர் தலையைச் சொறிந்தார். “அழகா இருக்கட்டுமேன்னுதான்...”

“குடைன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் குடைதான். ஆனா பத்திக்குப் பத்தி அதுக்குப் புது வேலை கொடுக்கணும். வேலை போன வருஷம் மழைன்னா, சண்டை போட்ட வருஷம் காத்து. கம்பி வளையணும். உள்ள நிக்கிறவனுக்குக் குடை நனையறது தெரியாது. அதை நீங்க எழுதவே இல்லையே!”

விளக்கையும் வேரையும் சிவப்பு மையால் அடித்தாள்.

“முடிவுதான் வரவே மாட்டேங்குது” என்றார்.

அவளே எழுதினாள்: ‘மழை விட்டது. குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனேன்.’

“அபாரம்! எப்படித்தான் தோணுதோ!”

அவள் வாயைத் திறப்பதற்குள் நீதிமன்ற ஊழியர் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

“விவாகரத்துக் கேஸ்... புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் உள்ள வாங்க!”

இருவரும் எழுந்தார்கள். கட்டுரையை மட்டும் அவர் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.