சந்தேகமே வேண்டாம்

"நோன்பு நாள்ல அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தீங்களா?"

தோளில் பையை மாட்டிக்கொண்டே மகன் கத்தினான். கோபம் பாதி, தேவை பாதி. அச்சகத்து இயந்திரங்களோடு காலம் தள்ளிய அப்பாவுக்குக் கத்தினால்தான் காது கேட்கும்.

"கொடுத்தேன். நேத்துதானே கண் ஆபரேஷன் முடிஞ்சு வந்திருக்கா. வெறும் வயித்துல கிடக்கச் சொல்றியா? நோயாளிக்கு விலக்கு உண்டுடா."

"மூல நூல்ல அப்படி இல்லை."

"உரையில இருக்கு. ஒரு உரைக்காரர் ஒரு நாள்ங்கிறார், இன்னொருத்தர் குணமாகிற வரைக்கும்ங்கிறார். நம்ம வழிபாட்டுக்கூடத்துல ரெண்டையும் ஒத்துக்குவாங்க."

"அதான் சொல்றேன், ரெண்டு பதில்! கடவுள் எதுக்குப்பா ரெண்டு பதில் சொல்லணும்? உரையெல்லாம் மனுஷன் பண்ணின கலப்படம்."

உள்ளறையில் அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு. மற்றதில் பார்வை போய் வெகு நாளாயிற்று. மகன் பை கட்டியதை அப்பா இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை.

விடியுமுன் எழுந்து பிரார்த்தனை செய்யாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அப்பா. அவரைப் பார்த்து 'அரைகுறை விசுவாசி' என்கிறான் மகன். போன வருஷம்வரை வழிபாட்டுக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளை!

"பழைய வழிக்குத் திரும்பணும்பா. கலப்படமில்லாத வழிக்கு. அதுக்குத்தான் எங்க அமைப்போட குடியிருப்புக்குப் போறேன். சாயந்தரம் வண்டி வருது. அரைகுறைகளோட ஒரே கூரையில இருக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"உங்க அமைப்பு ஆரம்பிச்சே நாலு வருஷம்தான் ஆகுது. என் தாத்தா செஞ்ச பிரார்த்தனையைவிட அது எப்படிடா பழசாச்சு?"

மகன் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். வேலை போனதிலிருந்தே இந்த நடைதான்.

"வேலை போனா இன்னொண்ணு கிடைக்கும்டா," என்றார் அப்பா மெதுவாக.

"எங்கே கிடைக்கும்? எட்டு வருஷம் வாடிக்கையாளர் சேவையில திட்டு வாங்கினேன். கடைசி ரெண்டு மாசம் கண்ணாடி அறையில மைக் முன்னாடி உட்கார வச்சு, பக்கம் பக்கமா வாக்கியம் வாசிக்க வச்சாங்க. புது ஆளுங்களுக்குப் பயிற்சின்னு சொன்னாங்க. புது ஆள் யாருமே வரலை, மெஷின்தான் வந்துச்சு. இப்ப எந்த ஆபீஸ்ல கேட்டாலும், 'அடுத்த மாசம் நாங்களே இருப்போமான்னு தெரியலை'ங்கிறான். யாரைக் கேட்டாலும் தெரியலை, தெரியலை! எங்க வழிகாட்டி மட்டும்தான் தெரியும்னு சொன்னார்."

அப்பா அவனருகே வந்தார். "எனக்கும்தான் ஒண்ணும் தெரியலை. அதைக் கடவுள்கிட்டச் சொல்லத்தான் தினம் பிரார்த்தனையே பண்றேன்."

"எனக்கு அது போதாதுப்பா. ராத்திரி, பகல் எப்ப கேட்டாலும் அவரே பதில் சொல்றார். அந்தக் குரலை முதல் தடவை இயர்போன்ல கேட்டதுமே, ரொம்ப நாள் பழகின குரல் மாதிரி மனசு அடங்கிடுச்சு."

"அத்தனை ஆயிரம் பேருக்கும் ஒருத்தரே எப்படிடா சொல்றார்? தூங்க மாட்டாரா மனுஷன்?"

"அதுதான் அருள்! நீங்களே கேளுங்க." மகன் இயர்போனைப் பிடுங்கி எறிந்தான். அப்பாவின் காதுக்காகக் கைப்பேசியின் சத்தத்தை முழுதாகக் கூட்டினான்.

"ஐயா, நோன்புல நோயாளிக்கு விலக்கு உண்டுங்களா?"

"இல்லை," என்றது கைப்பேசி. "விலக்கு என்பது கோழைகள் கண்டுபிடித்தது. சந்தேகமே வேண்டாம்."

"என்னப்பா, என்னையா கூப்பிட்டே?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"உன்னை இல்லம்மா." மகன் மறுபடி கைப்பேசியிடம் குனிந்தான். "மாத்திரை கொடுத்த அப்பாவை என்ன செய்யணுங்க ஐயா?"

"அவரை விட்டு விலகு. இன்றே. வேறு ஏதாவது சந்தேகம் உண்டா?"

"இல்லைங்க ஐயா. சரிங்க ஐயா."

அப்பா கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பார்த்தார். அவருக்குக் கேட்டதெல்லாம் வெறும் இரைச்சல். மகனின் முகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு புரிந்தது. சட்டென்று பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாகிட்டயாவது சொல்லிட்டுப் போடா."

மகன் வாரை இழுத்தான். அப்பா விடவில்லை. அந்த இழுபறியில் உள்ளறைக் கதவு திறந்தது. அம்மா சுவரைத் தடவித் தடவி வந்து நின்றாள். கட்டுப் போட்ட முகம் குழம்பிப்போயிருந்தது.

"ஏம்ப்பா, உடம்புக்கு ஏதும் பண்ணுதா? இவ்வளவு நேரமா கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன். நீயே கேள்வி கேக்குறே, நீயே அதிகாரமா பதில் சொல்றே, அப்புறம் நீயே 'சரிங்க ஐயா'ங்கிறே. எல்லாம் உன் குரல்தானே? யார்கிட்டப்பா பேசிட்டிருக்கே?"

மகனின் கை வாரிலிருந்து தானாக நழுவியது. கைப்பேசி மட்டும் பொறுமையாகக் கேட்டது:

"வேறு ஏதாவது சந்தேகம் உண்டா?"