இன்று பள்ளிக்கு வரவில்லை

புதிய வருகைப்பதிவு ஆப்பை ஒரு வாரம் சோதித்துப் பார்க்கும் வேலை, விருத்தாசலம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் தணிகாசலம் ஆசிரியரின் தலையில் விழுந்திருந்தது. வகுப்பறைக்குள் சிக்னல் நிற்காது. குறித்த பதிவு போனிலேயே தங்கிவிடும். சிக்னல் கிடைத்தால்தான் அது சர்வருக்குப் போகும். வராத பிள்ளையின் வீட்டுக்கு அங்கிருந்து மெசேஜ் கிளம்பும்.

அன்று காலை, பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் ரெஜினா கையெல்லாம் களிமண்ணோடு ஓடி வந்தாள்.

"சார், ஜெனிட்டா இன்னிக்கு ஸ்கூலுக்கு வரலன்னு மெசேஜ் வந்துருக்குது. எம்பொண்ணு எங்க சார்?"

"பதறாதீங்கம்மா. அதோ, ரெண்டாவது பெஞ்சுல உக்காந்துருக்குது."

ரெஜினா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தணிகாசலத்துக்குக் கூசியது. இந்த ஆப்பை நம்பவும் முடியவில்லை, வேண்டாமென்று விடவும் முடியவில்லை. போனைத் திறந்து பார்த்தார்.

"இது நேத்துப் போட்ட ஆப்சென்ட்டும்மா. நேத்து பூரா சிக்னல் இல்ல, போன்லயே மாட்டிக்கிச்சு. இன்னிக்குக் காலையில வாசல்கிட்ட நின்னப்பதான் போயிருக்குது. பதிவு என்னிக்குப் போய்ச் சேருதோ, அந்த நாளையே இன்னிக்குன்னு போட்டு மெசேஜ் அனுப்பிடுது. இந்தத் தப்ப ஆபீசுக்குச் சொல்லிடுறேன்."

தலையாட்டிவிட்டுப் படியிறங்கிய ரெஜினா, அங்கேயே நின்றாள்.

"நேத்தா சார்?"

"ஆமாம்மா. ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன்."

"நேத்து நாந்தான் தல பின்னி அனுப்பினேன். சாயங்காலம் பையோட வூட்டுக்கு வந்துச்சே."

இரண்டாவது பெஞ்சில் ஜெனிட்டா புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.