அல்மா மாட்டர்: கங்கம்மா

லத்தீன் தெரியாதவனுக்கு ஆங்கிலம் முழுசாக வராது. ஆங்கிலம் முழுசாக வராதவன் கையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் சாவியைக் கொடுக்கக் கூடாது. யேசுதாஸின் வாழ்க்கைச் சித்தாந்தம் இது.

அவருடைய லத்தீன், சிறு வயதில் பாதிரியாராகப் படிக்கப் போய்க் குருமடத்தில் இருந்த ஒன்றரை வருடத்தில் வந்தது. ஜெபத்தில் தூங்கி விழுகிறான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்த இரும்புக் குழாய்த் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் அவர். தகரக் கூரை போட்ட அறை. ஃபேன் இன்னும் வரவில்லை.

எதிரே பூவராகவன். திருவள்ளூரில் ஏறி, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வந்திருந்தான். வயது முப்பத்தாறு. வேலை பார்த்த அரிசி ஆலையை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்த ஸ்டோர் கீப்பர் வேலையும் இல்லையென்றால், வருகிற வெள்ளிக்கிழமை பெண்டாட்டி தாயாரம்மாளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் மாமனார் வீட்டில் போய் இறங்குவதாக ஏற்பாடு.

யேசுதாஸ் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

தலைப்பில் கரிக்குலம் வீட்டே. அதன் கீழே, அல்மா மாட்டர்: சென்னையில் பெயர் சொன்னாலே எழுந்து நிற்கிற ஒரு கல்லூரி. அதற்கும் கீழே, மாக்னம் ஓபஸ்: ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூறு கோப்புகளை அகர வரிசைப்படுத்தியது.

அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்றாம் முறையும் படித்தார்.

“அரிசி மில்லுல ஆயிரத்து இருநூறு கோப்பாய்யா?”

“ரெண்டு நோட்டு சார். அதுல ஒண்ணு கரையான் அரிச்சிட்ச்சி.”

யேசுதாஸ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த மாதிரி சமயத்துக்காகத்தான் கடவுள் அவரை ஒன்றரை வருடம் குருமடத்தில் வைத்திருந்தார்.

அல்மா மாட்டர் என்றால் கல்லூரி என்று எவன் சொன்னது என்று ஆரம்பித்தார். மாட்டர் என்றால் தாய். அல்மா என்றால் ஊட்டி வளர்க்கிறவள். ரோமாபுரிக்காரன் தன் பெண் தெய்வங்களை அப்படிக் கூப்பிட்டான். பள்ளிக்கூடமும் கல்லூரியும் ரொம்பப் பிற்பாடுதான் அந்த மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

கரிக்குலம் ஓட்டத்தில் பிறந்த சொல். ரதத்தைப் பூட்டி ஓட்டுவான் இல்லையா, அந்த ரதமும் கரிக்குலம், அது சுற்றி வருகிற சுற்றும் கரிக்குலம். வீட்டே என்றால் வாழ்க்கையின். ஆக, உன் வாழ்க்கை ஓடிய சுற்று.

மாக்னம் ஓபஸ், பெரிய வேலை. அவ்வளவுதான். ஓபஸ் என்றால் வெறும் வேலை, மண்வெட்டி பிடிப்பதுகூட அதில் சேர்த்தி. ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்த ரசவாதிகள் தங்கள் வேலைக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

“இப்ப சொல்லு. உனக்கு ஊட்டினது யாரு, நீ எங்க ஓடினே, இன்னா பெரிய வேலை பண்ணே? பொய் சொன்னியோ, அப்படியே எழுந்து போய்க்கினே இரு.”

பூவராகவன் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னான்.

“கங்கம்மா சார். திருவள்ளூர்ல டைப்பு கத்துக்கற எடத்துக்குப் பின்னால இட்லி போடும். அம்மா செத்ததுலேர்ந்து அதுதான் எனக்குச் சோறு. ஓட்டம்னு கேட்டா, ரதத்த நான் ஓட்டல. எங்க பெருமாள் தேருக்கு முட்டுக்கட்டை போடறவன். சக்கரத்தண்ட குந்திக்கினு, எழுந்துக்கினு, நாலு மாட வீதியும் கூடவே போவேன். கடைசில பொறப்பட்ட எடத்துக்கே வந்துடும் சார்.”

“பெரிய வேலை?”

“நான் ஒண்ணும் பண்ணல. இந்தப் பேப்பர எழுதினவன் பண்ணான். டைப்பு கிளாஸ் செவுத்துல ஒரு கார்பன் காப்பி கண்ணாடி போட்டு மாட்டிகிது. எங்க ஊருல வேலைக்கு எழுதறவன் எல்லாம் பேர மட்டும் மாத்தி அதையே அடிச்சிக்குவான். கீழ கிழிஞ்சிருக்கு, எவன் எழுதினான்னு தெரியல. எவனோ ஒரு மகராசன், ஈயத்தப் பொன்னாக்கிட்டான்.”

வெளியே லாரி ஒன்று பழைய இரும்பைக் கொட்டியது. யேசுதாஸ் காதில் விழுந்ததோ திருவள்ளூர் டைப்பு கிளாஸின் சத்தம்.

வரிசையாக ஏழு ரெமிங்டன் மிஷின். நடுவில் ஒன்றுக்கு ‘எ’ அடிக்கிற விசை விழுந்தால் எழாது. விரலால் தூக்கிவிட வேண்டும். மணி எட்டானால் ஜன்னல் வழியாக ஆவி வரும். கங்கம்மா பின்னாலிருந்து, “தட்டினது போதும் நைனா, வந்து துன்னு” என்பாள்.

“கங்கம்மா இருக்குதா?”

“இருக்குது சார். கண்ணுதான் தெரியல.”

“சட்னில இன்னும் பூண்டு வெச்சி அரைக்குதா?”

“அரைக்குது சார்.”

அது இவருக்கு எப்படித் தெரியும் என்று பூவராகவன் கேட்கவில்லை. வேலை கிடைக்கப்போகிறவன் கேள்வி கேட்பதில்லை.

யேசுதாஸ் விண்ணப்பத்தில் கல்லூரியை அடித்தார். அந்த இடத்தில் கங்கம்மா என்று எழுதினார். ஆயிரத்து இருநூறு கோப்புகளையும் அடித்துவிட்டு, முட்டுக்கட்டை என்று எழுதினார். மனுஷன் உண்மை எழுதப் பழக வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அவன் போனதும் எழுந்து இரும்பு பீரோவைத் திறந்தார். ஊழியர் கோப்புகளில் தன்னுடையதை உருவினார். முதல் தாள்: கரிக்குலம் வீட்டே. அதே கல்லூரி. அதே ஆயிரத்து இருநூறு.

பேனாவை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். திரும்ப மூடினார். கோப்பை இருந்த இடத்திலேயே வைத்து பீரோவைப் பூட்டினார்.

அந்தக் கல்லூரியை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், பஸ் ஜன்னலில் இருந்து.